சரிவில் சாய்ந்த டேப்

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு கன மீட்டர்" என்று ஓவர்சியர் ஜெயச்சந்திரன் சொன்னதும் முத்துச்செல்விக்கு வந்ததே ஒரு கோபம்! கையில் மண்வெட்டி இல்லாதது அவருடைய நல்ல நேரம்.

"இருநூத்தி நாப்பது சார். நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பத்து இடத்துல அளந்துட்டேன்மா. இதுக்கு மேல என்னத்தப் பாக்க?"

மல்லாங்கிணற்றுக்குத் தெற்கே, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால் அது. வாய்க்கால் என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். தூர்ந்து தரையோடு தரையாகிப் பல வருசமாகிவிட்டது. நூறு நாள் வேலையில் அதை நூறு மீட்டர் நீளத்துக்குப் புதிதாக வெட்டச் சொல்லியிருந்தார்கள். நாற்பது ஆட்கள், ஆறு நாள். காய்ந்த கரிசல் என்றால் சும்மாவா? மண்வெட்டியைப் போட்டால் திருப்பி அடிக்கும். அதற்குள் சீமைக் கருவேல வேர் வேறு. ஆறு நாளில் எத்தனை பேருக்கு உள்ளங்கை கொப்பளித்தது என்று பணித்தளப் பொறுப்பாளரான முத்துச்செல்விக்குத்தான் தெரியும். வருகைப் பதிவு எடுப்பதும் அளவு பார்த்துச் சொல்வதும் அவள் வேலை.

அளவு அவளுக்கு மனப்பாடம். மேல் அகலம் மூன்று மீட்டர். அடி அகலம் ஒன்று எண்பது. மேலையும் கீழையும் கூட்டிப் பாதியாக்கினால் இரண்டு நாற்பது. ஆழம் ஒரு மீட்டர். நீளம் நூறு. எல்லாவற்றையும் பெருக்கினால் இருநூற்று நாற்பது கன மீட்டர் மண். நாற்பது பேர் ஆறு நாள் வேலை பார்த்தாலும் இருநூற்று நாற்பது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கன மீட்டர், முழுக் கூலி. மண் குறைந்தால் கூலியும் அதே கணக்கில் குறையும். இந்த மனுசன் சொல்கிறபடி பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. ஒவ்வொருத்தியும் ஒரு நாளுக்கும் மேலே சும்மா வெட்டியதாக ஆகிவிடும்.

"மேல் அகலம் சரியா இருக்கா சார்?"

"சரியா இருக்கு."

"அடி அகலம்?"

"அதுவும் சரி. ஆழந்தான் எம்பதுக்கு மேல ஏறலை."

"எம்பதா? தெனமும் சாயங்காலம் நாந்தான அளந்தேன்! வாங்க இங்கன. உங்க கண்ணு முன்னாலயே அளந்து காட்டுறேன்."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டேப்பை எடுத்தாள். அதன் கொக்கியைக் கரை விளிம்பில் மாட்டினாள். சரிவு வழியாக டேப்பை மண்ணோடு மண்ணாகப் படியவிட்டு, வாய்க்காலின் அடிவரை இழுத்துப் பிடித்தாள். நூறு சென்டிமீட்டர். ஒரு நூல் கூடக் குறையவில்லை.

"இந்தா! இது என்ன, மீட்டர் இல்லையா? கண்ணைத் தொறந்து பாருங்க சார்."

ஜெயச்சந்திரன் பார்த்தார். சிரித்திருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து நூலை எடுத்து இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் முறுக்காகக் கட்டினார். வாய்க்காலின் நடுவில் இறங்கி, அடியில் டேப்பை ஊன்றி, நூல்வரைக்கும் நேராக நிமிர்த்தினார். எண்பது.

"நீ அளந்தது கரையோட சரிவும்மா. ஆழம்னா நேராக் கீழ எறங்கணும்."

குச்சியால் மண்ணில் ஒரு முக்கோணம் கிழித்தார். கரை விளிம்பிலிருந்து உள்ளே அறுபது, நேர் கீழே எண்பது, சாய்வு நூறு. முத்துச்செல்வி பத்தாம் வகுப்பில் இதே கணக்குக்கு முழு மார்க்கு வாங்கியவள். அறுபதையும் அறுபதையும் பெருக்கி, எண்பதையும் எண்பதையும் பெருக்கி, கூட்டிப் பார்த்தால் நூறும் நூறும் பெருக்கியது வரும். பாழாய்ப்போன கணக்கு! பரீட்சைத் தாளில் வந்தது, வாய்க்காலில் நிற்கும்போது வரவில்லையே.

போன மாதம் மரக்கன்றுக்குக் குழி வெட்டினார்கள். சதுரக் குழி, நட்டக்குத்தான சுவர். விளிம்பில் கொக்கியை மாட்டித் தொங்கவிட்டால் ஆழம் சரியாக வந்தது. அதே கையோடு இங்கேயும் மாட்டிவிட்டாள். சுவர் சாய்ந்தால் டேப்பும் சாயும் என்று இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

உறைக்காமல் என்ன, ஒருத்தி சொல்லத்தான் செய்தாள். இரண்டாம் நாளே செல்லத்தாய் வாய்க்காலுக்குள் நின்றுகொண்டு, "ஏ செல்வி, மீட்டர்னா என் தொப்புளுக்கு வரணுமே. இது இடுப்புக்குக் கீளயே நிக்குது" என்றாள். ஐம்பத்தைந்து வயசில் எத்தனை கண்மாய் வேலை பார்த்தவள்! முத்துச்செல்வி என்ன சொன்னாள்? "உங்க தொப்புளை வச்சா பெரியம்மா கவர்மெண்டு அளக்குது? டேப்பு சொல்லுது, போதும்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை நினைத்தபோது அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

"இன்னும் இருபது சென்டிமீட்டர்தான சார்? அடியில ஒன்னு எம்பது அகலம், இருபது ஆழம், நூறு மீட்டர். முப்பத்தாறு கன மீட்டர் எடுத்தாச் சரியாப் போகும்ல?"

"நேரா எறக்கினா மட்டும் போதாதும்மா. கரைச் சரிவையும் மேல இருந்து புது அடிவரைக்கும் செதுக்கி எடுக்கணும். அது ரெண்டு பக்கமும் சேத்துப் பன்னெண்டு. மொத்தம் நாப்பத்தெட்டு." வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நான் இன்னைக்கு எழுதலை. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வாரேன். அன்னைக்கு என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன். என்னால அம்புட்டுத்தான் முடியும்."

அவர் வண்டியை எடுக்கப் போவதற்குள் மரத்தடியில் இருந்த பெண்கள் எல்லாம் வந்து சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவள் பாண்டிலட்சுமி. அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"என்ன சார், கொறையுதுன்னு சொன்னீகளாம்? நாங்க என்ன இங்கன பல்லாங்குழியா ஆடுனோம்? வந்து எங்க கையப் பாருங்க!" வண்டிச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். "செல்வி தெனமும் அளந்தா. அவ பொய்யா சொல்லுவா? ஏத்தா, சொல்லு நீ!"

நாற்பது முகங்களும் முத்துச்செல்வி பக்கம் திரும்பின. ஜெயச்சந்திரனும் அவளைத்தான் பார்த்தார்.

ஒரே ஒரு வார்த்தை போதும். "ஆமா, இந்த ஆள் கள்ள அளவு அளக்காரு" என்றால் முடிந்தது. கூட்டம் இந்த மனுசனை ரோட்டுக்கு விரட்டும், பேச்சு பெரிய ஆபீஸ் வரைக்கும் போகும், அவள் பேர் தப்பிக்கும். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் யார் வந்து எத்தனை தடவை அளந்தாலும் அந்த வாய்க்கால் எண்பதுதான் காட்டும்.

"சாவியக் குடு மதினி" என்றாள். "சார் அளந்ததுதான் சரி. நாந்தான் டேப்பைச் சரிவுல போட்டு அளந்துட்டேன். நீங்க கொறைச்சு வெட்டலை. நாந்தான் போதும்னு நிப்பாட்டிட்டேன்."

பாண்டிலட்சுமி சாவியை ஓவர்சியர் கையில் கொடுக்காமல் வண்டிமேல் வீசினாள். பிறகு ஆரம்பித்தது பாருங்கள்! படித்தவள் என்று நம்பினோமே என்றாள் ஒருத்தி. நிழலில் உட்கார்ந்து பேர் எழுதுகிறவளுக்கு எங்கள் முதுகு வலி எப்படித் தெரியும் என்றாள் இன்னொருத்தி. செல்லத்தாய் மட்டும் வாயே திறக்கவில்லை. அதுதான் முத்துச்செல்வியை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கெளம. பதிவு கெடையாது. நான் வந்து வெட்டப் போறேன். முடிஞ்சவுக வாங்க" என்றாள்.

"தீவாளிச் சீசன் நேரம்த்தா. நாளைக்கு வெடிக் கம்பெனி வேன் வருது. அங்கன போனாக் கைமேல காசு. ஓன் தப்புக்கு நாங்க சும்மா வந்து வெட்டணுமாக்கும்?" என்றாள் பாண்டிலட்சுமி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் அவள் மண்வெட்டியோடு வந்து இறங்கினாள். நாள் ஒன்றுக்கு ஒரு கன மீட்டர் என்றால் ஒற்றை ஆளுக்கு நாற்பத்தெட்டு நாள். இந்தக் கணக்கை மட்டும் மூளை உடனே போட்டுக் கொடுத்தது, சனியன். அரை மணி நேரத்திலேயே கை எரிந்தது. ரோட்டில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பாண்டிலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்; இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வேன் கிளப்பிய புழுதி அடங்கியதும் செல்லத்தாய் வந்தாள். பின்னால் பத்துப் பேர்.

"மம்பட்டியப் புடிக்கிற லச்சணத்தப் பாரு! தள்ளு அங்கிட்டு" என்று அவளை இடித்துக்கொண்டு இறங்கினாள். அவர்கள் பதினொரு பேர், இவளோடு பன்னிரண்டு. அடியை இறக்கி, சரிவைச் செதுக்கி, பொழுது சாய்கிறவரைக்கும் வெட்டினார்கள். முப்பது மீட்டர் நீளம் முடிந்தது. மீதி எழுபது மீட்டர் பழைய எண்பதிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை ஜெயச்சந்திரன் சொன்னபடி வந்தார், அளந்தார். முப்பது மீட்டருக்கு எழுபத்திரண்டு. எழுபது மீட்டருக்கு நூற்று முப்பத்து நான்கு புள்ளி நான்கு. இரண்டும் சேர்ந்து இருநூற்றாறு புள்ளி நான்கு. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், நேத்து வந்த பதினோரு பேருக்கு மட்டுமாவது கூட்டிப் போட முடியாதா?"

"நாப்பது பேருக்கும் ஒரே அளவும்மா. பிரிச்சுப் போட வழி இல்லை."

வேனில் போனவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை முதுகொடிய வெட்டியவளுக்கும் ஒரே கூலி, அதுவும் குறைந்த கூலி. இதைவிட ஒரு அநியாயம் உண்டா? இதை யாரிடம் போய்ச் சொல்வது? யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு முத்துச்செல்விக்குத் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

அவர் வண்டி போனதும், அடுத்த நூறு மீட்டருக்குக் கயிறு கட்டினார்கள். பாண்டிலட்சுமியும் வந்திருந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தூரத்தில் வெட்டினாள். சாயங்காலம் அளக்கிற நேரம் வந்தது. முத்துச்செல்வி நூலும் டேப்புமாக எழுந்தாள். செல்லத்தாய் குறுக்கே வந்து கையை நீட்டினாள்.

"டேப்பை இங்கன குடு. இனி நாந்தான் புடிப்பேன்."

முத்துச்செல்வி கொடுத்தாள்.

"நீ உள்ள எறங்கு. நீயும் என் ஒயரந்தான. ஓந்தொப்புளுக்கு வருதான்னு மொதல்ல பாப்போம், பெறகு இந்த டேப்பு என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

அவள் இறங்கினாள். வெட்டி முடித்த முதல் துண்டில், எல்லாரும் பார்க்க, நடுவில் போய் நின்றாள். கால் தன்னால் சரிவுப் பக்கம் ஒதுங்கி, முதுகு கரையில் சாய்ந்தது.

"சாயாத" என்றாள் செல்லத்தாய் மேலேயிருந்து. "நேரா நில்லு."