வலப்பக்கத்து நாற்காலி

பாளையங்கோட்டையில் படம் பிடிக்கும் கொட்டகை வைத்திருந்த ஐயம்பெருமாள் பிள்ளை, அதற்கு முன்னால் பத்து வருஷம் கோர்ட்டுக் கச்சேரியில் மனுக்களுக்கு நகல் எழுதியவர். காமிராவைப் பிடித்த பிறகும் பேனாவை அவர் விட்டபாடில்லை. நன்றாக எரிச்சல் வந்தால்தான் அவருக்கு நல்ல தமிழ் வரும். 'போடா மடையா' என்று மனசுக்குள் தோன்றுவது காகிதத்தில் 'தங்கள் பெருந்தன்மை உலகறிந்தது' என்று இறங்கும். அந்த வித்தை அவருக்கு ஒரு காசு சம்பாதித்துக் கொடுத்ததில்லை, அந்த ஆவணி மாசம் வரைக்கும்.

அம்பாசமுத்திரத்துப் பண்ணையார் தாணுமாலையன் பிள்ளை, தன் மகள் சண்முகசுந்தரியின் கல்யாணத்துக்குப் படம் பிடிக்கச் சொல்லி இருபத்தைந்து ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். ஐயம்பெருமாளும் மதராசுக்கு எழுதி, படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் ஒரு டஜன் வரவழைத்துவிட்டார். அதே முகூர்த்தத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். வேறு இடத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பண்ணையாரின் காரியஸ்தன் மாடக்கண்ணு ரயிலேறி வந்து, மஞ்சள் தடவாத ஒரு கடிதத்தை நீட்டினான்.

'சில குடும்ப அசௌகரியங்களை உத்தேசித்து, தாங்கள் சிரமப்பட்டு வருவதைத் தவிர்க்க நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். முன்பணத்தை இந்த ஆள்வசம் ஒப்புவிக்கக் கோருகிறோம்.'

"கல்யாணம் நின்னு போச்சாவே?" என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

"அதெல்லாம் நிக்கல அண்ணாச்சி. படந்தான் நின்னு போச்சு." மாடக்கண்ணு குரலைத் தாழ்த்தினான். "நடுவுல பொண்ணும் மாப்பிள்ளையும் உக்காரணும். அவங்களுக்கு வலப்பக்கம் நாற்காலில யாரு உக்காருதுன்னு பேச்சு வந்துச்சு. எங்க முதலாளி, நான் பொண்ணக் கொடுக்கவன், எனக்குத்தான்னாரு. சேரன்மாதேவி சம்பந்தி, நான் பையனப் பெத்தவன், எனக்குத்தான்னாரு. ஐயரைக் கூப்பிட்டுக் கேட்டாவ. சாஸ்திரத்துல போட்டோவைப் பத்தி ஒண்ணும் சொல்லலைன்னு அவரு பைய எந்திரிச்சுப் போயிட்டாரு. கல்யாணச் சண்டை நாலு நாள்ல மறந்துபோகும், படத்துல எடப்பக்கம் உக்காந்தா பேரன் பேத்தி வரைக்கும் எடப்பக்கந்தானன்னு எங்க முதலாளிக்குப் பயம். அதான் படமே வேண்டாம்னுட்டாரு."

மாடக்கண்ணுவுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு ஐயம்பெருமாள் உள்ளே போனார். அங்கே அவர் மனைவி ஞானம்பாள், படம் கழுவிய தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்தாள். இருட்டறை வேலை முழுக்க அவள் கைதான்.

"நாற்காலிக்குச் சண்டை போட்டுட்டு, பணத்தைத் திருப்பிக் கேக்கான் மடப்பய! ஒரு சல்லி கொடுக்க மாட்டேன்."

"ரசீதுல என்ன எழுதிக் கொடுத்தீங்க?"

"நடுவுல வேண்டாம்னா, அதுவரைக்கும் ஆன செலவைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தருவேன்னு எழுதினேன்."

"அப்ப அதைச் செய்யுங்க. தட்டெல்லாம் வேற கல்யாணத்துக்கு ஆகும். கூலியும் பார்சல் செலவும் ஸ்ரீவைகுண்டத்துக் கல்யாணம் கைவிட்டுப் போனதுக்கும் சேத்துப் பத்து ரூவா பிடிங்க. பதினஞ்சைக் கொடுங்க."

ஐயம்பெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எரிச்சல் உச்சத்தில் இருந்ததால் எழுத்து அருவியாகக் கொட்டியது.

'மகாராஜராஜஸ்ரீ தாணுமாலையன் பிள்ளையவர்கள் திவ்விய சமூகத்துக்கு. தங்கள் திருமாளிகையின் மங்கள வைபவத்தில் நிழல்பட ஊழியம் செய்யும் பாக்கியம் இந்த எளியவனுக்குக் கிட்டாமற்போனது என் ஜன்மாந்திரக் குறையேயன்றித் தங்கள் குறையன்று. தங்கள் திருமுகவிலாசத்தைக் கண்ணாடித்தட்டில் தாங்கும் தகுதி என் கருவிக்கு இன்னும் வாய்க்கவில்லை போலும். தருவித்த சாமான்களின் செலவுக்கும், விட்டுப்போன மறு முகூர்த்தத்துக்குமாக ரூபாய் பத்து மாத்திரம் நிறுத்திக்கொண்டு, மிச்சம் பதினைந்தைத் தங்கள் பாதாரவிந்தங்களில் சமர்ப்பிக்கிறேன்.'

படித்துப் பார்த்த ஞானம்பாள், "அந்தாளு மூஞ்சி உங்க கருவிக்கு அடங்காதுன்னு எழுதியிருக்கீங்க" என்றாள்.

"அவருக்கு அது புரியாது."

உண்மையில் புரியவில்லை. அடுத்த வாரம் கூறைப்புடவை பார்க்க இரண்டு வீட்டாரும் கூடியிருந்தபோது, தாணுமாலையன் பிள்ளை அந்தக் கடிதத்தை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். 'திருமுகவிலாசம்' என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தாராம். பத்து ரூபாய் போனதைப் பற்றி ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. இறங்கியவர் சேரன்மாதேவி பாவநாசம் பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா. கனத்த சரீரம், காதில் கடுக்கன், முகத்தில் ராத்தூக்கம் கெட்ட கடுப்பு.

"தாணுமாலையனுக்குக் கடுதாசி எழுதினது நீருதானா?"

"ஆமா அண்ணாச்சி. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. மடியிலிருந்து முப்பது ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தார். "கல்யாணத்துக்குப் படம் பிடிக்கணும். நான் சொல்லுதேன். இது முன்பணம். எழுதிக்கிடும்."

ஐயம்பெருமாளுக்கு உச்சி குளிர்ந்தது. ரசீது எழுதி நீட்டினார்.

"எழுதியாச்சா?"

"ஆச்சு."

"சரி, இப்ப வேண்டாம்னு சொல்லுதேன். கடுதாசி எழுதும்."

ஐயம்பெருமாள் விழித்தார்.

"என்னவே முழிக்கீரு? வேண்டாம்னு சொன்னா மரியாதையாக் கடுதாசி எழுதுவீரு இல்லா? அவனுக்குத் திவ்விய சமூகம்னு போட்டிருக்கீரு. எனக்கு அதுக்கு மேல போடணும். அவங்கிட்டப் பத்து பிடிச்சீரு. எங்கிட்டப் பதினஞ்சு பிடியும். அவனைவிட நான் என்ன கொறச்சலா?"

"நாளைக்கு ஆள்கிட்ட அனுப்புதேன் அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவைத்தார். வண்டி தெரு திரும்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரில் உள்ள சம்பந்திமாரெல்லாம் இப்படி வரிசையில் வந்தால் காமிராவை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிடலாம்.

ஞானம்பாள் சிரிக்கவில்லை. "அவருக்காக ஒரு தட்டு வாங்கினீங்களா? ஒரு முகூர்த்தத்தை விட்டீங்களா? எந்தச் செலவுக்குப் பதினஞ்சு?"

"அவராத்தான பிடின்னு சொல்லுதாரு."

"சொன்னா? வழிப்பறிக்காரன் கும்பிட்டுட்டு எடுத்தா வழிப்பறி இல்லேன்னு ஆயிருமா?"

ஐயம்பெருமாளுக்கு அது உறைத்தது. பதினைந்து ரூபாயை அவர் ஏற்கெனவே மனசுக்குள் ஒரு புது லென்ஸாக மாற்றி வைத்திருந்தபடியால் வலிக்கவும் செய்தது. இருந்தாலும் 'தேவேந்திர வைபவ' என்று தொடங்கி இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, செலவு ஒன்றும் இல்லாததால் முப்பதையும் அப்படியே திருப்பித் தருவதாகச் சொல்லி, மறுநாள் காலையில் பணத்தையும் வைத்து அனுப்பினார்.

சாயங்காலமே வில்வண்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை மாடுகள்கூட நுரை தள்ளிக்கொண்டிருந்தன.

"என்னவே நினைச்சிருக்கீரு என்னைய?" பாவநாசம் பிள்ளை முப்பது ரூபாயையும் மேஜையில் அறைந்தார். "தாணுமாலையங்கிட்டப் பிடிக்கதுக்குப் பத்து ரூவா இருக்கு. எங்கிட்டப் பிடிக்கதுக்கு ஒண்ணுமில்லையோ? ஊர்ல என்ன பேசுவாவ? பாவம், பாவநாசத்துக்கு நொடிஞ்சு போச்சு, போட்டோக்காரனே இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துட்டான்னு பேச மாட்டாவளா?"

"கழிக்கணும்னா செலவு இருக்கணும் அண்ணாச்சி. உங்களுக்காக நான் ஒண்ணுமே செய்யலியே."

"அப்பச் செய்யும்!"

"நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே."

இருட்டறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஞானம்பாளின் குரல் வந்தது.

"பொண்ணையும் மாப்பிள்ளையையும் மட்டும் பிடிக்கச் சொல்லலாம்லா? ரெண்டு பேரும் நிக்கட்டும். நாற்காலியே போட வேண்டாம்."

பாவநாசம் பிள்ளை திரையைப் பார்த்தார். பிறகு ஐயம்பெருமாளைப் பார்த்தார். அவர் நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அப்ப படத்துல தாணுமாலையன் இருக்க மாட்டான்?"

"இருக்க மாட்டாரு."

"எழுதும் வே ரசீதை!"

கல்யாணம் பெண் வீட்டில். அவர்கள் சம்மதம் வேண்டும். ஐயம்பெருமாளே அம்பாசமுத்திரத்துக்கு ரயிலேறிப் போனார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாணுமாலையன் பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படத்துல பாவநாசம் இருப்பானா?" இல்லை என்றதும் வாசல்வரை வந்து வழியனுப்பினார். பிடித்த பத்து ரூபாயை இந்தக் கணக்கில் வரவு வைத்துவிடுவதாக ஐயம்பெருமாள் சொன்னபோது அவருக்கு இன்னும் சந்தோஷம். நியாயப்படியும் அதுதானே சரி. தட்டுகளும் முகூர்த்தமும் இனி அந்தக் கல்யாணத்துக்கே ஆகும்.

முகூர்த்தம் முடிந்து, வெயில் முற்றத்தில் நன்றாக விழுந்த நேரத்தில் காமிரா முக்காலியை நிறுத்தினார். பெண்ணும், மாப்பிள்ளை குமரகுருவும் மாலையோடு வந்து நின்றார்கள். சண்முகசுந்தரி தலையைக் குனிந்தே இருந்தாள். ஐயம்பெருமாள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். காமிராக் கண்ணாடியில் இருவரும் வழக்கம்போல் தலைகீழாகத் தொங்கினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. தட்டைச் செருகினார்.

"அசையாம நில்லுங்க. அம்மா, கொஞ்சம் நிமிந்து பாரும்மா."

அவருக்குப் பின்னால் இரண்டு சம்பந்திகளும், முக்காலிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகக் காவல் நின்றார்கள். மற்றவர் கடைசி நிமிஷத்தில் ஓடிப் படத்துக்குள் புகுந்துவிடுவாரோ என்று இருவருக்கும் சந்தேகம். ஐயம்பெருமாள் லென்ஸ் மூடியில் கை வைத்ததும் பாவநாசம் பிள்ளை ஓர் அடி முன்னால் வந்தார். நன்றாகப் பார்க்கத்தான் வந்தார். தாணுமாலையன் பிள்ளை பாய்ந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவர் திரும்பி இவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்தார். இரண்டு பெரிய மனிதர்களும் சத்தம் போடாமல், மூச்சுக்கூட விடாமல், ஒருவர் துணியை ஒருவர் பற்றிக்கொண்டு முக்காலிக்குப் பின்னால் சுற்றினார்கள்.

ஐயம்பெருமாளுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் மூடியை எடுத்தார். அந்தக் கணத்தில் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

ஞானம்பாள் தட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காலத்தில் படத்துக்கு நிற்பவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல்தான் நிற்பார்கள். இந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரிய, கண் சுருங்க, மாலை குலுங்கிப் படத்தில் கொஞ்சம் கலங்கலாகப் பதிகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முன்னால் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

படத்தைப் பார்த்த இரண்டு சம்பந்திகளும் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரே குரலில் பேசினார்கள்: அடக்கமில்லாத படம், வேண்டாம். எதற்காகச் சிரித்தாள் என்று இருவரும் அவளைக் கேட்கவில்லை. பணத்தை மட்டும் ஒரு பைசா குறைக்காமல் கொடுத்தார்கள். குறைத்தால் மற்றவர் என்ன நினைப்பார் என்ற கவலை.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு மத்தியானம் குமரகுரு தனியாக வந்தான். திருநெல்வேலியில் உர வியாபாரியைப் பார்க்க வந்ததாகவும், வழியில் எட்டிப் பார்த்ததாகவும் சொன்னான். எந்த உரக்கடைக்குப் போகிற வழியிலும் பாளையங்கோட்டை கிடையாது.

"அந்தப் படம்... அப்பா வேண்டாம்னாவளாம். தட்டு இருக்கா, ஒடச்சிட்டீங்களா?"

ஐயம்பெருமாள் பதில் சொல்வதற்குள் ஞானம்பாள் உள்ளே போய், ஏற்கெனவே அட்டையில் ஒட்டி வைத்திருந்த படத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் எடுத்து ஜன்னலோரம் போய் நின்றான். வெகுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றான். தோள் குலுங்கியது. ஐயோ, பையன் அழுகிறானோ என்று ஐயம்பெருமாள் பதறி எழுந்தார்.

அவன் திரும்பினான். சிரிப்பை அடக்க முடியாமல் முகம் சிவந்துபோயிருந்தது.

"வேட்டி இழுத்த கதைய அவ சொன்னா. இதுல இல்லாத ரெண்டு பேரும் என் கண்ணுல அப்படியே தெரியுதாவ அண்ணாச்சி" என்றான்.