ரேடியோவைக் குறைங்க

பொன்மலைப் பட்டறையில் வேலை முடிந்ததும் தர்மராஜ் நேராக மன்னார்புரத்து வீடியோ ஸ்டுடியோவுக்கு வந்தார். எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோன மனைவி ரஞ்சனி இணையத்தில் போட்டிருந்த கோல வீடியோவை, பதிப்புரிமைப் புகார் வந்ததால் முடக்கியிருந்தார்கள்.

“கோலம் அவ போட்டது. எவன் சொந்தம் கொண்டாடுறான்? எதிர்த்து எழுதுங்கம்மா,” என்று சீறினார்.

எடிட்டர் அறிவுமதி புகாரைத் திறந்து பார்த்தாள். “கோலத்துக்கு இல்லீங்க. நடுவுல நாப்பது விநாடி ஒரு சினிமாப் பாட்டு கேக்குது.”

ஓடவிட்டாள். வீட்டுக்குள் ரேடியோ அலறியது. வாசலில் குனிந்திருந்த ரஞ்சனி நிமிர்ந்து, “ஏங்க, ரேடியோவைக் குறைங்க, வீடியோ எடுக்குறேன்ல,” என்றாள். பாட்டு குறையவே இல்லை.

“வச்சது நான்தான்,” என்றார் தர்மராஜ்.

“பாட்டு புகார் கொடுத்தவங்களோடதுதாங்க. நம்மகிட்ட உரிமை இருக்குன்னு எழுதினா பொய்.”

பாட்டை மட்டும் அழிக்கப் பார்த்தாள். பேச்சோடு கலந்திருந்ததால் முடியவில்லை. அந்த இடத்தில் மொத்த ஒலியையும் எடுத்தால்தான் வீடியோ திரும்ப வரும். ஆனால், வீடியோ முழுவதிலும் ரஞ்சனி பேசியது அந்த ஒரு வரிதான்.

அந்த வரியை இன்னொரு தடவை ஓடவிடச் சொல்லிக் கேட்டுவிட்டு, “எடுத்துடுங்க,” என்றார் தர்மராஜ்.

மறுபடி ஓடியபோது ரஞ்சனி நிமிர்ந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

“குறைச்சுட்டேன், ரஞ்சனி,” என்றார் தர்மராஜ்.