போன படம்

கண்டி மஹய்யாவையில் உள்ள அந்தத் தமிழ்ப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்கு இராஜகுமாரி டீச்சர்தான் பொறுப்பு. இணையத்தில் பாதுகாப்பாக இருப்பது பற்றி ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் நடத்த வேண்டும் என்று அதிபர் சொன்னபோது, அவள் கடையில் இருந்து மஞ்சள் பிரிஸ்டல் போர்ட் அட்டை வாங்கி, படம் வரைந்து, நன்றாகவே தயாராகி வந்திருந்தாள்.

"பாஸ்வேர்ட்ங்கிறது பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி. அடுத்தவங்களுக்குக் குடுக்கக் கூடாது. உங்க பாஸ்வேர்ட் என்னான்னு இப்ப எனக்கும் சொல்லாதீங்க."

அதற்குள் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். பெயரும் அதன் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்றும். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு, போனில் மட்டும் பழகுகிற ஆள் தனக்குப் பத்து வயது என்று சொன்னால் அது உண்மையா என்று எப்படித் தெரியும் எனக் கேட்டாள். கடைசியாகப் படங்களுக்கு வந்தாள். வீடு, சீருடை, பாடசாலைச் சின்னம் தெரிகிற படம் வேண்டாம். உடம்பைக் காட்டச் சொல்லி யார் கேட்டாலும், தெரிந்தவராக இருந்தாலும், உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

ஜன்னல் ஓரத்தில் இருந்த யுகேஷ் கையைத் தூக்கினான். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பையன்.

"டீச்சர், பாஸ்வேர்ட மாத்திட்டா போன படம் திரும்பி வந்துருமா?"

சில பிள்ளைகள் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நல்ல கேள்வி. கொஞ்சம் பொறு, அப்புறம் பேசுவோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பாடத்தை முடித்தாள். இடைவேளைக்கு மணி அடித்ததும், வராண்டாவில் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற, காதுக்குக் கேட்காத ஓர் இடத்தில் அவனை உட்கார வைத்தாள்.

போன் விளையாட்டில் அறிமுகமான 'அண்ணா' ஒருவன். விளையாட்டுக்குள் செலவழிக்கிற டயமண்ட் தருகிறேன் என்று சொல்லிப் பாஸ்வேர்டைக் கேட்டிருக்கிறான். மாமா மகன் வயதைக் கூட்டிப் போட்டுத் திறந்து கொடுத்த முகநூல் கணக்கில்தான் அந்த விளையாட்டுக்குள் போவது. அதன் பாஸ்வேர்டையே பையன் கொடுத்துவிட்டான். பிறகு அந்த 'அண்ணா' படம் கேட்டான். முதலில் முகம். அப்புறம் சட்டை இல்லாமல். அப்புறம்...

"அம்மாவுக்கு அனுப்பிருவேன்னு சொன்னான் டீச்சர். அதான் மறுபடியும் அனுப்பினேன்."

அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். வீட்டில் உள்ள அந்தப் போன் அவள் அனுப்பியது. பையன் அவள் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான்.

"இது உன்னோட தப்பில்ல யுகேஷ். தப்பு முழுக்க அந்தாளோடது."

"அப்பாகிட்டச் சொல்லாதீங்க டீச்சர்."

சொல்ல மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் முகம் தெளிந்திருக்கும். அந்த வாக்கை அவளால் கொடுக்க முடியாது. "உனக்கு உதவி செய்யக்கூடியவங்களுக்கு மட்டும் சொல்லுவேன். அவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும்" என்றாள்.

அதிபர் வீரசிங்கம் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஸ்கூல் பேரும் இருக்கு டீச்சர். மொதல்ல தகப்பன்காரரோட பேசிப் பாப்போமே."

"அவரோடயும் பேசுவோம் சேர். ஆனா இத நாம மூடி வைக்க ஏலாது" என்று சொல்லி, அவர் முன்னாலேயே 1929க்கு அழைத்தாள். சிறுவர் உதவி இலக்கத்தில் தமிழில் பேசியவள் பொறுமையாகக் கேட்டு விவரம் எழுதிக்கொண்டாள். அந்த ஆளுக்குப் பதில் எழுத வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம், படத்தை நீங்கள் யாரும் பார்க்கவோ பிரதி எடுக்கவோ வேண்டாம், போனைப் பொலிஸுக்குக் கொண்டு போங்கள் என்றாள்.

தகப்பன் சதீஸ்குமார் கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நிற்பவர். சீமெந்துத் தூசியோடு வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"காலையில அந்தப் போனோட கண்டி பொலிஸுக்குப் போவோம். அவங்க ஆதாரத்த எடுத்ததும் பாஸ்வேர்ட மாத்திறலாம். புள்ளய அடிச்சிறாதீங்க. அவன் பயந்து போயிருக்கான்" என்றாள் இராஜகுமாரி.

"சரிங்க டீச்சர்" என்றார். குரல் அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதியை அவள் நம்பிவிட்டாள்.

மறுநாள் அவர் தனியாக வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. உடுப்புத் துவைக்கிற கல்லில் அடித்து நொறுக்கிய போன் அதற்குள் இருந்தது.

"அதப் பாக்கப் பாக்க எனக்குத் தாங்கல டீச்சர்."

"யுகேஷ்?"

அவர் தரையைப் பார்த்தார். "படுத்திருக்கான்."

பொலிஸில் சிறுவர் பெண்கள் பிரிவில் முறைப்பாடு எழுதினார்கள். உடைந்த போனைப் பையோடு வாங்கி வைத்தார்கள். அந்த ஆளின் கணக்குப் பெயரைக் கேட்டதற்குத் தகப்பனுக்குத் தெரியவில்லை; வீட்டுக்குப் போய்க் கேட்டபோது பையனோ வாயைத் திறக்கவில்லை. போன் உடைந்ததால் மாற்ற முடியாமல் போன பாஸ்வேர்ட் இன்னும் அந்த ஆளின் கையில்தான் இருந்தது.

பையனிடமிருந்து பதில் வராமல் போனதும் அந்த ஆள் மிரட்டியதைச் செய்தான். யுகேஷின் கணக்கில் இருந்தே, யுகேஷின் பெயரிலேயே, தாய்க்கும், நண்பர்களாக இருந்த மற்ற எல்லோருக்கும் படத்தை அனுப்பினான். அந்த நண்பர்களில் பாதிப் பேர் யுகேஷின் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் கையில் இருந்தவை தாய் தகப்பனின் போன்கள்.

திங்கட்கிழமை இராஜகுமாரி வகுப்புக்குள் போனபோது சத்தமே இல்லை. பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரத்துக் கதிரை காலி. இதற்கு அவளிடம் வரைந்து வந்த அட்டையும் இல்லை, தயாரித்த பாடமும் இல்லை.

"உங்க வீட்டுப் போனுக்கு ஒரு படம் வந்திருக்கலாம்" என்றாள். "அத யாருக்கும் காட்டாதீங்க. அனுப்பாதீங்க. அம்மா அப்பாகிட்டச் சொல்லி அவங்கள என்கிட்ட வரச் சொல்லுங்க. அத அனுப்பினது யுகேஷ் இல்ல. அவனுக்கு ஒருத்தன் செஞ்ச அநியாயம் அது."

பின்னேரம் வந்தது ஒரே ஒரு தாய். கஜனி என்ற பிள்ளையின் அம்மா ரத்தினம்மா. போனை முந்தானையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். "நான் ஒண்ணையும் அழிக்கல டீச்சர். அந்த அண்ணான்னு சொல்றவன் இவளுக்கும் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் போட்டிருக்கான். பாருங்க, இதான் பேரு."

அந்தப் போனில் இருந்துதான் பொலிஸுக்கு முதல் பிடி கிடைத்தது. கணக்கின் பெயரையும் செய்தி வந்த நேரத்தையும் பதிவு செய்துகொண்ட பிறகு, படத்தை அழித்துவிடச் சொன்னார்கள். யுகேஷின் கணக்கையும் முடக்கச் செய்தார்கள். முகநூல் கம்பனியிடம் விவரம் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரச் சுணங்கும் என்றார்கள். மற்றப் போன்களில் இருந்து படம் எங்கெங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சந்தியில் ஆட்டோ நிறுத்துகிறவர்கள்கூடப் பார்த்ததாகப் பேச்சு வந்தது.

யுகேஷைப் பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுத்துக் கடுகண்ணாவையில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் யாரென்று தெரியாமலே அந்தத் தவணை முடிந்தது. ஒரு சனிக்கிழமை இராஜகுமாரி பஸ் ஏறி அவனைப் பார்க்கப் போனாள்.

சதீஸ்குமாரும் அங்கே இருந்தார். இளைத்திருந்தார். வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தாளுக்குப் பயந்தத விட அவன் எனக்குத்தான் பயந்திருக்கான் டீச்சர். அது சரின்னு நானே காட்டிட்டேன்."

கண்டி ஆஸ்பத்திரியில் பிள்ளைகளோடு பேசுகிற டொக்டரிடம் மாதம் ஒருமுறை கூட்டிப் போவதாகவும், அங்கேயும் யுகேஷ் தலையாட்டுவதோடு சரி என்றும் அவர் சொன்னார்.

அப்போது உள்ளே போன் அடித்தது. குவைத்தில் இருந்து தாய். அத்தை வீடியோவைத் திறந்து, "யுகேஷ், அம்மா பேசுறாங்க, வா" என்றாள்.

யுகேஷ் எழுந்தான். போனுக்கு முன்னால் வரவில்லை. அலுமாரிக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான்.

"சாப்பிட்டியா சாமி? மூஞ்சியக் கொஞ்சம் காட்டேன்" என்றது போன்.

"சாப்பிட்டேம்மா" என்றான் அவன், அங்கிருந்தே.

தினமும் இப்படித்தான் என்று அத்தை சைகை காட்டினாள். தாய் மறுபடியும் கேட்டாள். அவன் படத்தில் விழாதபடி அத்தை போனை வெறும் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.