நாலு கேமராவின் ஒரு நாள் தீனி

ராயபுரத்தில் கூல்டிரிங்க்ஸ் கடை வைத்திருக்கும் சிலுவையம்மாள், கரண்ட் பில் ஏறியதும் கேமராக்களைக் கழற்றச் சொல்லி எலக்ட்ரீஷியன் தீபனை வரவழைத்தாள். பூட்டை உடைத்த திருடனைக் காட்டிக்கொடுத்தவை அவைதான். ஆனால் இப்படியே பில் ஏறினால் கடையையே மூட வேண்டும்.

“நாலு கேமரா, ஒரு ரெக்கார்டர். ராப்பகலா ஓடிகினே கீது. அதான் தின்னுது, நைனா.”

“அளந்துட்டுத் திட்டு, யக்கா.”

அவற்றின் ப்ளக்கில் ஒரு சின்ன மீட்டரைச் செருகிவிட்டுத் தீபன் போனான். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து பார்த்தான். ஒரு யூனிட்கூட முழுசாக ஆகவில்லை.

“கடை ரேட்டுக்கு நாளைக்குப் பத்து ரூபா கிட்ட. வருசத்துக்கு மூவாயிரத்து ஐநூறு சொச்சம்.”

“ஒரு டீ காசுக்கா நாள் பூரா முழிச்சிகினு கீது?” அவளுக்கு நம்பவே முடியவில்லை. “அப்ப மீதிய எவன் தின்றான்?”

தீபன் பதிவை ஓட்டிக் காட்டினான். வழக்கம்போல் அவள் ஃப்ரிட்ஜ் கதவை இடுப்பால் இடித்துச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறாள். கதவு மெல்ல விரலளவு திறந்துகொள்கிறது. விடியும்வரை அப்படியே நிற்கிறது.

சிலுவையம்மாள் கேமராவை அண்ணாந்து பார்த்தாள். மாதா கோயிலுக்குள் நுழைவதுபோல் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“கழட்டாத, நைனா. கதவு ரப்பரை மாத்து.”