கதவுக்கு வெளியே இருப்பதாகச் சொன்ன வாக்கு

எங்கள் ஊரில் கல்யாண மேடையில் கொடுக்கும் வாக்குகள் மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து தங்கிவிடும். ஒரு வாக்குக்கு ஓர் ஆள். பெட்டி படுக்கையோடு வருவார்கள். ரேஷன் கார்டில் சேர்க்க முடியாது, ஆனால் சாப்பிடுவார்கள். அதனால் இங்கே யாரும் நீளமாகச் சொல்வதில்லை.

எதிர்வீட்டுக்காரர் தன் கல்யாணத்தில் உணர்ச்சிவசப்பட்டு, "உன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வர விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வந்தவர் பருமனான ஆள். இன்றுவரை அந்த வீட்டில் வெங்காயம் உரிக்க முடியவில்லை. அடுத்த தெருவில் ஒருவர் "உனக்காக உயிரையே குடுப்பேன்" என்று சொன்னவர். அந்த வாக்கு தினமும் காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டு, "இன்னைக்கா?" என்று கேட்கிறதாம்.

நான் வெளிநாட்டில் பாதி வயதைக் கழித்துவிட்டுத் திரும்பியவன். நாற்பத்தெட்டு வயதில் செண்பகாவைக் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவானது. அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கணவர் இளங்குமரன் காய்ச்சலில் இறந்துபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் மேடையில் ஒரே ஒரு வாக்குதான் கொடுத்திருந்தார். "உன்னை ஒருநாளும் தனியா விடமாட்டேன்."

கொடுத்தவர் போய்விட்டாலும் வாக்கு போவதில்லை. இளங்குமரனின் வாக்கு ஒல்லியான ஆள், அரைக்கை ஸ்வெட்டர் போட்டிருப்பார். செண்பகா மார்க்கெட்டுக்குப் போனால் பின்னால் போவார். அவள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று செருமுவார். அவள் படுத்தால் கட்டிலுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் அவளைப் பெண் கேட்டபோதும் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். பிஸ்கட்டை அவர்தான் எடுத்துக்கொடுத்தார்.

"நல்ல மனுஷன்தான். குறையே சொல்ல முடியாது" என்றாள் செண்பகா. "ஆனா நான் தனியா அழுது எவ்வளவோ காலமாச்சு. தனியாச் சிரிச்சும்தான்."

ஸ்வெட்டர்காரர் தலை குனிந்துகொண்டார்.

"அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க எதைச் சொன்னாலும் சரி, எனக்குத் தனியா இருக்க ஒரு வழி விட்டுச் சொல்லுங்க. அது முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நாம சிநேகிதமாவே இருந்துக்குவோம்."

முடியும் என்றேன். எப்படி என்று தெரியாமலேதான் சொன்னேன்.

முதல் வரைவை ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த மொழியில் எனக்கு வாக்குக் கொடுப்பது சுலபமாக வரும். ஆனால் ஆங்கிலத்தில் சொன்னால் வருகிறவர் ஷூவைக் கழற்றாமல் உள்ளே வருவார் என்றார்கள். செந்தமிழில் எழுதினேன். அப்படி வருகிறவர் நிமிர்ந்தே நிற்பார், உட்காரச் சொன்னால் கேட்கமாட்டார். பேசுகிற மாதிரி எழுதுவதுதான் சரி என்று தெரிய எனக்கு நாளானது. வாய்க்குப் பழக்கமில்லாத சொல் மேடையில் வழுக்கிவிடும்.

எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை எழுதியதைப் பெண் பார்க்கக்கூடாது, பெண் எழுதியதை மாப்பிள்ளையும் பார்க்கக்கூடாது. இரண்டையும் மூன்றாவது ஆள் ஒருவர் படித்து, நீளமும் தொனியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் ஒருவர் கதறுவார், மற்றவர் ஜோக் அடிப்பார். எங்களுக்கு அந்த ஆள் ரெஜினா அக்கா, செண்பகாவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். என் காகிதத்தை வாங்கியதும் பேனாவை எடுத்தார்.

"முதல் பத்தி முழுக்க அவளைப் புகழ்ந்துட்டீங்க. இதுல வாக்கு எங்க இருக்கு?"

"பின்னாடி வருது அக்கா."

"பின்னாடி வரதுக்குள்ள மாலை வாடிரும். 'நிலா'வை எடுங்க. 'எப்பவும்' எடுங்க. எப்பவும்னு சொன்னா வர்ற வாக்குக்குத் தூக்கமே கிடையாது பாவம்." அடித்துக்கொண்டே போனார். "'நீ இல்லாம சாப்பிட மாட்டேன்.' ஏன் தம்பி, அவ ட்ரெய்னிங்குக்குச் சென்னை போனா நீங்க பட்டினியா? மாட்டேன்னு சொல்லாதீங்க. என்ன செய்வீங்களோ அதைச் சொல்லுங்க. வெறும் கையோட செய்ய முடியறதாச் சொல்லுங்க."

மூன்று வாக்குகள் மிஞ்சின. அவற்றைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். உட்கார்ந்து படித்தேன். "நின்னு படிங்க. மேடையில உட்கார்ந்தா சொல்லப்போறீங்க?" நின்று படித்தேன். இரண்டாவது வரியில் மூச்சு தீர்ந்தது. மூச்சு தீர்ந்த இடத்தில் வரியை வெட்டினார். ஒரு வாக்கு, ஒரு மூச்சு. நடுவில் மூச்சு வாங்கினால் வருகிறவருக்கு இளைப்பு இருக்கும். குரல் நடுங்கினால் கை நடுங்கும். பாதியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியவில்லை.

"நெஞ்சை அடைக்கற வரி எது?"

மூன்றாவது என்றேன்.

"அப்ப அதுக்கு முன்னாடி ஒரு சிரிப்பு வரி வைங்க. சிரிச்ச தொண்டை கொஞ்சம் இளகும்."

அப்படியே வைத்தேன். கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன். மூச்சு விடும் இடத்திலெல்லாம் அடுத்த வரிக்குப் போனேன். மனப்பாடம் செய்யவேண்டாம், அட்டையைப் பார்த்துச் சொல்லலாம், ஆனால் வாக்கு முடியும் இடத்தில் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றார் அக்கா. அட்டைக்கு ஒரு நகல் எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மொட்டைமாடியில் நின்று தினமும் சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டும் நன்றாக வந்தன. மூன்றாவது மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் சிக்கியது. காரணம் எனக்குத் தெரிந்ததுதான். தனியாக இருந்து அலுத்துப்போய்த்தான் நான் இந்தக் கல்யாணத்துக்கே வந்தேன். வந்த இடத்தில், கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று என் வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது. அது அன்பா, இல்லை மறுபடியும் பழைய இடத்துக்கே போகிறேனா என்று புரியவில்லை. புரியாததை ஒரே மூச்சில் சொல்வது சிரமம்.

கல்யாணம் சங்கக் கூடத்தில் நடந்தது. தாலியும் மாலையும் முடிந்ததும் மேளம் நின்றது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஸ்வெட்டர்காரர் வழக்கம்போல செண்பகாவின் தோளுக்குப் பின்னால் நின்றார். புகைப்படக்காரர் அவரையும் சேர்த்தே படம் எடுத்தார்.

முதலில் அவள் சொன்னாள். அட்டையை ஒருமுறைதான் பார்த்தாள்.

"பூபதி. நீங்க கேக்காத யோசனையை நான் ஒரு தடவைதான் சொல்லுவேன்." கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தாள். "கோவம் வந்தா அன்னைக்கே சொல்லிடுவேன். நீங்க பேச ஆரம்பிச்சா, முடிக்கிறவரைக்கும் கேப்பேன்."

குரல் சீராக இருந்தது. ரெஜினா அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் "ம்" என்றார்.

ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். நினைத்ததைவிட மெதுவாக ஆரம்பித்தேன். மேடையில் எல்லோருக்கும் வேகம் கூடிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

"செண்பகா. வீட்ல நீ இருக்கிற அன்னைக்கு, உன்கூட உட்கார்ந்து சாப்பிடுவேன்."

நிமிர்ந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முடியாத அன்னைக்கு நான் சமைப்பேன். நல்லா இருக்காது."

"அது தெரியும்" என்று யாரோ பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்கள். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். தொண்டை இளகியது. மூச்சை இழுத்தேன்.

"நீ தனியா இருக்கணும்னு நினைச்சா..."

நின்றுவிட்டது.

அட்டையில் அடுத்த வரி பெரிய எழுத்தில் இருந்தது. படிக்க முடிந்தது, சொல்லத்தான் முடியவில்லை. ரெஜினா அக்கா கைப்பையைத் திறந்து, நகலை எடுக்காமல் மூடினார். தொலைந்தது காகிதம் அல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எழுதிக்கொடுக்கலாம், மேடையில் நடுவே எடுத்துக்கொடுக்கக்கூடாது என்பது வழக்கம். செண்பகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிக்கிறவரைக்கும் கேட்பதாகச் சற்றுமுன்தான் சொல்லியிருந்தாள். அவள் முகத்தில் மட்டும் ஒரு கணக்கு மெல்லத் தப்பாகிக்கொண்டிருந்தது. சிநேகிதமாகவே இருந்துவிடலாம் என்ற இடத்துக்கு அவள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரிந்தது.

அப்போது ஸ்வெட்டர்காரர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து நகர்ந்தார். மேடைப்படியில் இறங்கினார். நாற்காலி வரிசைகளின் நடுவே, காலை இடித்த குழந்தைகளிடம் "பாத்துப் பாத்து" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். கூடத்தின் பெரிய கதவைத் திறந்து வெளியே போனார். வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். அவருடைய செருமல் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. அங்கேயேதான் நின்றார்.

செண்பகா தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. காலியான இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாருக்கும் காட்டாமல், தனக்காகவே சிரித்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவேண்டாம் என்று தோன்றியது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பியபோது மூச்சு முழுதாக இருந்தது.

"...கதவைச் சாத்திட்டு நான் வெளியே இருப்பேன்."

குரல் நடுங்கவில்லை. மேளம் அடித்தார்கள்.

மறுநாள் காலையில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அவளுடைய வாக்குகள் மூன்று பேரும் சரியாக வந்து, செருப்பை ஒழுங்காக வரிசையில் விட்டார்கள். அதில் ஒருவர் வந்ததும் சமையலறையைப் பார்த்து ஒரு யோசனை சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. என்னுடைய முதல் இருவரும் வந்தார்கள். மூன்றாவது இரண்டு பேராக வந்தது. ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. இருவருக்கும் ஒரே பெட்டி, ஆளுக்கு ஒரு கைப்பிடி. பாதியில் நின்றால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. ஸ்வெட்டர்காரர் அவர்களுக்குக் குளியலறையைக் காட்டினார்.

காபி குடித்து முடித்ததும் செண்பகா, "கொஞ்சநேரம் தனியா இருக்கேன்" என்றாள்.

உள்ளறைக்குப் போனாள். நெட்டையும் குட்டையும் ஆளுக்கொரு கதவாகச் சாத்தினார்கள். நாங்கள் எல்லோரும் வெளியே தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். ஸ்வெட்டர்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் அவருக்குக் கால் ஆடியது, பிறகு நின்றது. உள்ளே சத்தம் எதுவும் இல்லை. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

சற்றுநேரத்தில் தெருக்கதவு திறந்தது. செண்பகா கையில் கீரைக்கட்டோடு உள்ளே வந்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ள யாரு?"

"நீதான்" என்றேன்.

"அப்ப சத்தம் போடாதீங்க. அவ தனியா இருக்கட்டும், எவ்வளவோ காலமாச்சு" என்று சொல்லி, கீரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.