புதன்கிழமை வந்த ஐம்பது வெள்ளித் தாள்கள்

மலேசியாவில், கோலா பிலாவிலிருந்து தோட்டங்களுக்குப் பிரியும் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்த இராஜமாணிக்கத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடையை மூடியதும் கல்லாவைக் கொட்டி எண்ணுவார். ரொக்கப் புத்தகத்தில் அன்றைய விற்பனையை எழுதுவதற்கு முன்னால் ஐம்பது வெள்ளி, அதாவது ஐம்பது ரிங்கிட், தாள்களில் நாலைந்தை உருவி, பின்கட்டிலிருந்த பழைய மைலோ டின்னில் போட்டுவிடுவார். மிச்சம்தான் விற்பனை. அதைத்தான் புத்தகத்தில் எழுதுவார், அதைத்தான் பேங்கில் கட்டுவார். அதனால் புத்தகமும் பேங்க் சீட்டும் எப்போதும் ஒத்துப்போகும். வருமான வரிக்காரர் கண்ணுக்குத் தெரியாத பணம் என்று அவர் அதை நினைத்துக்கொண்டாலும், உண்மையில் அது தெரியக்கூடாது என்று அவர் பயந்தது மனைவி வள்ளியம்மாவின் கண்ணுக்குத்தான்.

இராஜமாணிக்கத்துக்குக் கண்ணில் புரை விழுந்து சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. இரண்டு வாரம் தூசிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லாவைக் கடையில் வேலை செய்யும் மோகனாவிடம் ஒப்படைத்தார்கள்.

"புத்தகமும் பேங்க் சிலிப்பும் ஒத்துப்போவணும் மோகனா. ஒரு சென் கூட வித்தியாசம் வரக்கூடாது," என்று ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு இராஜமாணிக்கம் கண்டிப்பாகச் சொன்னார்.

"சரிங்க மொதலாளி," என்றாள் மோகனா. சொன்னபடியே செய்தாள். வந்ததை எல்லாம் எழுதினாள். எழுதியதை எல்லாம் கட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து அவர் கட்டை அவிழ்த்துக்கொண்டு கடைக்கு வந்தபோது வள்ளியம்மா புத்தகத்தை விரித்துவைத்துக் காத்திருந்தாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. நீங்க கல்லாவுல உக்காந்திருந்த வாரமெல்லாம் பத்தாயிரத்துத் தொள்ளாயிரம், பதினோராயிரம். இந்தப் பொண்ணு உக்காந்த ரெண்டு வாரமும் பன்னெண்டாயிரத்து அறுநூறு."

"தீபாவளி நெருங்குதுல்ல."

"தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு."

இராஜமாணிக்கம் சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மோகனா எங்கேயாவது தப்புப் போட்டிருக்க மாட்டாளா என்று ஓர் ஆசை. ஒரு சீட்டில் தொகை விற்பனையைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் அதிகமாக இருந்தது. முகம் மலர்ந்து, "இது என்ன?" என்றார்.

"அது தோட்டத்து ஆபீஸ் செக்குங்க. போன மாசம் கடனா எடுத்த சாமானுக்குக் குடுத்தது. சிலிப்புல செக் பகுதியில நம்பரோட இருக்கு பாருங்க. புத்தகத்துல அதை விற்பனையில எழுதலை, பாக்கி வசூல்ல எழுதியிருக்கேன்."

சரியாகத்தான் இருந்தது. இன்னொரு நாள் சீட்டில் ஐம்பது வெள்ளி குறைந்தது. கிழிந்த தாள் ஒன்றைப் பேங்க் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வேறு சீட்டு எழுதிக் கட்டிவிட்டு, அந்தத் தாள் கையிருப்பில் இருப்பதாகப் புத்தகத்தில் குறித்து, தாளையும் அந்தப் பக்கத்திலேயே குத்திவைத்திருந்தாள்.

"நீங்க கல்லாவுல உக்காந்தா ஜனங்க வரமாட்டேங்கறாங்களோ என்னமோ," என்றாள் வள்ளியம்மா. கேலி இல்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாள். "பேசாம மோகனாவே இருக்கட்டுமே. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குடுத்துடலாம்."

முப்பது வருடம் கடை நடத்தியவருக்கு இது பொறுக்கவில்லை. பணத்தை எடுத்தது நான்தான் என்று சொன்னால் வியாபாரத்தில் கெட்டிக்காரன் என்ற பேர் நிலைக்கும், ஆனால் வீட்டில் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் வீட்டில் இருக்கலாம், கல்லாவில் உட்கார முடியாது.

"ஒரு வாரம் நான் உக்காந்து காட்டறேன்," என்றார்.

அந்த வாரம் அவர் ஒரு தாளைக்கூட உருவவில்லை. வருகிறவர்களிடம் சிரித்துப் பேசினார். தோட்டத்தில் வேலை செய்யும் நேப்பாளத்துத் தொழிலாளர்களுக்கு இருக்கை போட்டார். அப்படியும் புதன்கிழமை கல்லா ஆயிரத்து நானூற்று முப்பதோடு நின்றுவிட்டது. இராஜமாணிக்கம் பின்கட்டுக்குப் போய் மைலோ டின்னைத் திறந்தார். பன்னிரண்டு ஐம்பது வெள்ளித் தாள்களை எண்ணி எடுத்துக் கல்லாவில் போட்டார். புத்தகத்தில் ரொக்க விற்பனை இரண்டாயிரத்து முப்பது என்று எழுதினார். சனிக்கிழமை இன்னும் ஆறு தாள் போட வேண்டியிருந்தது. தன் கடையில் தானே திருடிய பணத்தைத் திருட்டுத்தனமாகத் திருப்பி வைப்பது எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வாரக் கணக்கு பதின்மூன்றாயிரத்து நூறு. திங்கட்கிழமை மத்தியானம் புத்தகத்தை வள்ளியம்மாவின் முன்னால் வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"மோகனா, சிலிப்பை வச்சு ஒரு தடவை பார்த்துடு," என்றாள் வள்ளியம்மா.

மோகனா பேங்க் முத்திரை விழுந்த சீட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதன்கிழமைப் பணத்தை வியாழன் காலையில் கட்டிய சீட்டு வந்ததும் அவள் பேனா நின்றது. நூறு வெள்ளி, இல்லை. ஐம்பது வெள்ளி, பத்தொன்பது தாள். இருபது ஒன்பது, பத்து முப்பத்தெட்டு, ஐந்து அறுபத்திரண்டு, ஒன்று நூற்று எழுபத்தாறு, சில்லறை முப்பத்து நான்கு. மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். இரண்டாயிரத்து முப்பது. கூட்டல் சரி. அதோடு கட்டிய தோட்டத்தின் அடுத்த செக் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து வெள்ளி அறுபது சென். அதுவும் சேர்த்து மொத்தம் நாலாயிரத்து நானூற்று நாற்பத்தைந்து வெள்ளி அறுபது சென். புத்தகத்திலும் அதேதான்.

"எல்லாம் ஒத்துப்போவுது," என்றார் இராஜமாணிக்கம்.

"ஒத்துப்போவுதுங்க. ஆனா மாச நடுவுல, புதன்கிழமை, பத்தொம்பது அம்பது வெள்ளியா? நமக்கு அன்னிக்கு அஞ்சு, ஆறு, மிஞ்சிப்போனா ஏழு வரும். மத்த தாளெல்லாம் எப்பவும் வர்ற அளவுதான் இருக்கு. அம்பது மட்டும் பன்னெண்டு கூட. சனிக்கிழமையும் அப்படித்தான், ஆறு கூட. யாரோ மொத்தமா குடுத்திருக்காங்க. யாருங்க?"

வள்ளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அரிசி மூட்டை எல்லாம் அப்படியே இருக்கே. அவ்வளவுக்கு யார் என்னத்தை வாங்குனாங்க?"

வாங்கவில்லை என்றால் கொடுத்தார்கள் என்றுதான் அர்த்தம். இராஜமாணிக்கம் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். "யாரும் ஒண்ணும் வாங்கலை. பழைய பாக்கியைக் கட்டுனாங்க. எழுதும்போது மறந்து விற்பனையில சேர்த்துட்டேன்."

"யார் பாக்கிங்க?"

அவ்வளவு பெரிய பாக்கி கடையில் ஒருவனுக்குத்தான் இருந்தது. "அர்ச்சுனன்," என்றார்.

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் அர்ச்சுனன் இரண்டு வருடமாகத் தொள்ளாயிரத்து நாற்பது வெள்ளி தர வேண்டியிருந்தது. மோகனாவுக்குச் சந்தோஷம். பாக்கிப் புத்தகத்தை எடுத்து, புதன் அறுநூறு, சனி முந்நூறு என்று வரவு வைத்தாள். ரொக்கப் புத்தகத்தில் அந்த இரண்டு தொகையையும் விற்பனையிலிருந்து கழித்து வசூல் பக்கத்தில் எழுதினாள். அன்றன்றைய மொத்தம் மாறவில்லை. சீட்டோடு அப்போதும் ஒத்துப்போனது. வார விற்பனை மட்டும் பன்னிரண்டாயிரத்து இருநூறுக்கு இறங்கியது.

"அப்போ மோகனாவோட வாரத்தைவிட நானூறு குறைச்சல்," என்றாள் வள்ளியம்மா. அவள் குரலில் ஆறுதல்கூட இருந்தது. "பரவாயில்லைங்க. அந்த அர்ச்சுனன்கிட்ட வசூல் பண்ணிட்டீங்களே. அது யாராலயும் முடியாது. நீங்க வசூலைப் பாருங்க, கல்லாவை மோகனா பார்த்துக்கட்டும்."

சாயங்காலம் லாரியை ஓரத்தில் நிறுத்திவிட்டு அர்ச்சுனன் சிகரெட் வாங்க வந்தான். மோகனா இரண்டு ரசீதுகளை அவனிடம் நீட்டினாள்.

"உங்க பாக்கி இன்னும் நாப்பதுதாண்ணே."

அர்ச்சுனன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் எப்ப..."

"புதன்கிழமை அறுநூறு, சனிக்கிழமை முந்நூறு," என்று இராஜமாணிக்கம் வெங்காய மூட்டைக்குப் பின்னாலிருந்து அவசரமாகச் சொன்னார். "மறந்துட்டியா என்ன?"

அர்ச்சுனன் அவர் முகத்தைப் பார்த்தான். அங்கே வேர்த்திருந்தது. வள்ளியம்மாவைப் பார்த்தான். அவளும் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் லாரி ஓட்டியவனுக்கு எங்கே பிரேக் போடக்கூடாது என்று தெரியும்.

"ஆமாலா, குடுத்தேன்ல," என்றான். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "சரிண்ணே, கணக்குதான் கிட்டத்தட்டத் தீர்ந்துபோச்சே. ஒரு மூட்டை அரிசி ஏத்திவிடச் சொல்லுங்க. என் பேர்ல கடனா எழுதிக்கங்க."

இராஜமாணிக்கம் மூட்டையைத் தானே தூக்கப் போனார். கண் ஆபரேஷன் ஆனவர் கனம் தூக்கக்கூடாது என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் தடுத்தார்கள்.