உச்சியில் ஒரு காசளவு

ஒத்தோரினோ ஆறு நாளாகத் தலைக்குக் குளிக்கவில்லை. படுத்தால் தலையில் தூவியிருந்தது தலையணையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அறுபத்திரண்டு வயது ஆள், மனைவியைப் புதைத்து மூன்றே நாள் ஆனவர், கவலைப்பட இதைத்தானா கண்டார் என்று யாராவது கேட்கலாம். கேட்டுவிட்டுப் போகட்டும். அவருக்கு வேறு எதையும் நினைக்க வரவில்லை. உள்ளே தொட்டுப் பார்த்தால் எதுவும் வலிக்கவில்லை, பல் பிடுங்க ஊசி போட்ட வாய் போல இருந்தது.

அவர் பாதோவா நகரத்தில் செருப்புக் கடை விற்பனையாளர். முப்பத்தைந்து வருடமாக ஒரே கடை. வாடிக்கையாளர் உட்காருவார், இவர் முன்னால் மண்டியிட்டு ஷூவை மாட்டிவிடுவார். ஆகவே அவருடைய முகத்தைவிட அவருடைய உச்சந்தலையைப் பார்த்தவர்கள்தான் ஊரில் அதிகம். ஊருக்கே தெரிந்த அந்த இடத்தை அவர் மட்டும் பார்த்ததில்லை.

அங்கே முடி கொட்ட ஆரம்பித்தபோது மனைவி நீவெஸ்தான் முதலில் கண்டாள். "ஒரு காசளவுதான்யா. பயந்து சாகாதே" என்றாள். மறுநாளே ஒரு டப்பா வாங்கி வந்தாள். மிளகுத்தூள் டப்பா மாதிரி மூடியில் ஓட்டைகள். உள்ளே ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்த சன்னமான பழுப்புத் தூள். முடித்தூள் என்பார்கள். இருக்கிற முடியில் அது போய் ஒட்டிக்கொள்ளும், ஒல்லி முடி தடித்துத் தெரியும், மேலே ஸ்ப்ரே அடித்தால் நிற்கும். அதற்கு ஆகாதது தண்ணீரும் வியர்வையும் விரலும்.

அந்த நாளிலிருந்து இவர்கள் வாழ்க்கையே டப்பாவைச் சுற்றி ஓடியது. குளிர்காலப் பனிமூட்டம் இறங்கினால் தூண் வளைவுகளுக்குக் கீழேயே சுற்றி வளைத்து நடந்து கடைக்குப் போவார். கடலுக்குப் போனால் குடையை விட்டு வெளியே வரமாட்டார். தேவாலயத்தில் எல்லோரும் குனியும்போது இவர் மட்டும் விறைப்பாக நிற்பார். பக்தி குறைவு என்று பாதிரியார் நினைத்துக்கொண்டார், நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். முடி வெட்டுவதும் நீவெஸ்தான், வாரம் இரண்டு முறை தொட்டியில் தலையைக் குனிய வைத்துக் கழுவிவிடுவதும் அவள்தான். தினமும் காலையில் சமையலறை ஸ்டூலில் அவர் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரிப்பார், அவள் பின்னால் நின்றுகொள்வாள்.

"தூள் தூவ இவ்வளவு நேரமா? கேக்குல சர்க்கரை தூவறவன் கூட இந்நேரம் பத்து கேக்கு முடிச்சிருப்பான்."

"கேக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கும். இருய்யா, இன்னும் கொஞ்சம்."

போன செவ்வாய்க்கிழமை மதியம் நீவெஸ் சந்தையில் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். இதயம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை சவப்பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரும் குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டார்கள். ஒத்தோரினோ குனியவில்லை. பெட்டிக்குள் வெள்ளைப் பட்டு விரித்திருந்தது. குனிந்தால் மூன்று நாள் பழைய தூள் அதன்மேல், அவள் முகத்தின்மேல், உதிரும். விரலில் முத்தமிட்டு அந்த விரலால் அவள் நெற்றியைத் தொட்டார். நீவெஸின் அக்கா மஃபால்தா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். "கல்லுடா நீ" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

வியாழக்கிழமை கடைக்குத் திரும்ப வேண்டும். மண்டியிட வேண்டும். டப்பா சமையலறையில்தான் இருந்தது, ஆனால் தன் உச்சியில் தானே எப்படித் தூவுவது? அதைவிட, புதிதாகத் தூவுவதற்கு முன் பழையதைக் கழுவ வேண்டும். பழையது அவள் தூவியது. அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. முடி போலத் தெரிய மண்டையில் ஊசியால் மைப்புள்ளி குத்துகிற ஒரு கிளினிக்கின் எண் கடை ஜன்னலோரம் என்றோ கண்ணில் பட்டது. கூப்பிட்டார். திங்கட்கிழமை யாரோ வராமல் போன நேரம் ஒன்று கிடைத்தது.

குத்துகிறவள் பெயர் ஜியாதா. முப்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டிருந்தாள். அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பின்னால் போய் நின்றாள். பின்னால் ஒரு பெண் நிற்கும் அந்த நிலையே அவருக்குப் போதுமாக இருந்தது. கைகள் தாமாகவே செய்தித்தாளைத் தேடின.

"தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு சார்?"

"ஆறு."

"போன்ல சொன்னேனே, தூள் இல்லாம சுத்தமா வரணும்னு?"

"சொன்னீங்க."

அவள் விரலால் லேசாக விலக்கிப் பார்த்தாள். "தோல் சிவந்து கிடக்கு. அங்கங்க கொப்புளம். இதுல இன்னிக்கு ஊசி வைக்க முடியாது. வச்சா சீழ் பிடிக்கும். ஆறட்டும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

"வியாழக்கிழமை வேலைக்குப் போகணும்மா."

"வேலைக்குப் போக வேண்டாம்னு நான் சொல்லலையே" என்றாள் ஜியாதா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினாள். இது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை, இரண்டு மூன்று முறை வர வேண்டும். குத்தின பிறகு சில நாள் தண்ணீரும் வியர்வையும் கூடாது. மேல்தோலை ஒட்டி, ஆழமில்லாமல் குத்த வேண்டும், ஆழமாகப் போனால் மை பரவி நீலம் பாரிக்கும். "நான் போடற மை வருஷம் ஒண்ணு ஒண்ணரைல மங்கிடும். வெயில் பட்டா இன்னும் சீக்கிரம். மறுபடி வரணும். ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன் சார், புள்ளி முடியாகாது. மழிச்ச தலைல இப்பத்தான் முளைக்கிற மாதிரி தெரியும், அவ்வளவுதான். நீளமா முடி வச்சிக்கிட்டு நடுவுல புள்ளி வைக்கணும்னா அங்க ஓரளவாவது முடி இருக்கணும். இல்லன்னா பெயின்ட் அடிச்ச தரை மாதிரி இருக்கும்."

"எனக்குக் கொட்டினது ஒரு காசளவுதான்."

ஜியாதா குனிந்து இன்னொரு முறை பார்த்தாள்.

"யார் சொன்னாங்க?"

"என் மனைவி."

அவள் ஒரு சின்னக் கேமராவை எடுத்து உச்சியில் வைத்தாள். எதிரே சுவரில் இருந்த திரையில் ஏதோ ஒரு நிலம் தெரிந்தது. முதலில் அவருக்கு அது என்னவென்றே புரியவில்லை. ஒரு காபித் தட்டு அளவுக்கு வழவழப்பான, சிவந்த, வெறும் தோல். ஓரத்தில் பழுப்புத் தூள் கட்டிகட்டியாக ஒட்டிய சில பூனைமயிர்.

"இது நானா?"

"நீங்கதான் சார்." அவள் திரையை உற்றுப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு புரியல. தூள் பிடிச்சிக்க முடி வேணும். வெறும் தோல்ல தூவினா புழுதி மாதிரி கிடக்கும், பாக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும். உங்களுக்கு இத்தனை வருஷம் எப்படி..." பேச்சை நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கினாள். "அட."

"என்ன?"

"இங்க பாருங்க. புள்ளி."

தோலின் மேல் மிகச் சிறிய பழுப்புப் புள்ளிகள். மங்கிப் போயிருந்தன, சில கலைந்திருந்தன. ஆனால் ஒன்றுக்கு ஒன்று இடைவெளி விட்டு, வரிசையாகத் தெரிந்துவிடாதபடி, ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் விலகியும், நூற்றுக்கணக்கில்.

"ஊசி இல்ல. தண்ணிக்குப் போகாத புருவப் பேனா. கூர் முனை. ஒவ்வொண்ணா வச்சிருக்காங்க. அதுக்கு மேல தூள், பக்கத்து முடியை இழுத்து மூடி, ஸ்ப்ரே." அவள் குரலில் தொழில்காரி தொழில்காரியை மெச்சுகிற சந்தோஷம் இருந்தது. "இதைக் கத்துக்க எனக்கு ரெண்டு வருஷமாச்சு சார். அவங்க எங்க படிச்சாங்க?"

"அவ தபால் ஆபீஸ்ல இருந்தா."

"தினமும் இதைச் செஞ்சாங்களா? முக்கால் மணி நேரமாவது ஆகுமே!"

"தினமும்தான்" என்றார் ஒத்தோரினோ. முக்கால் மணி நேரமும் தான் கால்பந்துச் செய்தி படித்ததையும், கேக்கு என்று கிண்டலடித்ததையும் அவர் சொல்லவில்லை. தலையில் ஏதோ மெத்தென்று குத்துவதை உணர்ந்திருக்கிறார்தான். சீப்பு என்று நினைத்தார். நினைத்தாரா, நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா என்பது அவருக்கே தெரியாது.

"ஆனா முடிக்கல" என்றாள் ஜியாதா.

"என்னது?"

"வலது பக்கம் மட்டும்தான் புள்ளி இருக்கு. இடது பக்கம் சும்மா தூள் மட்டும் கொட்டியிருக்கு, அவசரமா. பாதில நிறுத்திட்டாங்க. அன்னிக்கு ஏதாவது..."

அன்று செவ்வாய்க்கிழமை, தலை கழுவிய நாள். கடைக்கு நேரமாகிவிட்டது. "இருய்யா, இன்னும் கொஞ்சம்" என்று அவர் தோளை அழுத்தினாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "போதும் விடு. யார் பாக்கப் போறா?" அவள் அவசரமாக டப்பாவை எடுத்து அவர் நடக்க நடக்கவே பின்னாலேயே வந்து தூவினாள். வாசல்வரை வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

திரையில் அந்தப் பாதி தெரிந்தது. புள்ளிகள் வந்துகொண்டே இருந்து, நடுவில், ஓரிடத்தில் நின்றுபோயிருந்தன. எந்தப் புள்ளி கடைசி என்று கூடச் சொல்லிவிடலாம்.

"கழுவிடலாமா சார்? மெதுவாக் கழுவி விடறேன். அப்புறம் மழிச்சிட்டு அப்படியே விடறது நல்லது. தோலும் ஆறும். ரெண்டு வாரம் கழிச்சு எல்லாத்துக்கும் சேர்த்து முடிக்கு ஏத்த நிறத்துல புள்ளி வைக்கலாம். வேணும்னா வைக்கலாம், வேணாம்னா வேணாம்."

"கழுவுங்க" என்றார். பிறகு, "அதுக்கு முன்னாடி ஒண்ணு" என்றார்.

"சொல்லுங்க."

"உங்ககிட்ட அந்தப் பேனா இருக்கா?"

ஜியாதா புரியாமல் பார்த்தாள்.

"மீதியை முடிச்சிடுங்க."

"சார், இப்பக் கழுவப் போறோமே. யார் பாக்கப்..." என்று தொடங்கியவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். போய்த் தன் கைப்பையைக் கிளறினாள். பேனாவோடு வந்து பின்னால் நின்றாள். கொப்புளங்களை விட்டு விலகி, தொட்டும் தொடாமலும் வைத்தாள்.

சீப்பு மாதிரியே இல்லை. முனை சில்லென்று தொட்டது, விலகியது, தொட்டது. அவர் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கித் தெருவை மூடியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, துடைக்கக் கையைத் தூக்கினால் தலை ஆடும் என்று அப்படியே விட்டுவிட்டார். முக்கால் மணி நேரம் ஆகவில்லை, பாதிதானே.

"முடிஞ்சுது சார்" என்றாள் ஜியாதா.

அவர் எழுந்திருக்கவில்லை.

"இரும்மா" என்றார். "இன்னும் கொஞ்சம்."